ஆறு ஸ்வரம், மூன்று ராகம்: தாட்டும் நேரமும் பாடுகிறவருக்கு என்ன சொல்கின்றன?

ஹிந்துஸ்தானி சங்கீதப் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும் ராகத்தின் பெயருக்குக் கீழே ஒரு சின்ன ஜாதகம் இருக்கும். தாட் இன்னது, ஆரோகணம் அவரோகணம் இன்னவை, வாதி ஸ்வரம் எது, ஸம்வாதி எது, பாடும் நேரம் எது. பரீட்சை எழுதும் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். கேட்கிறவர்களும் இதை வைத்துத்தான் ராகங்களோடு அறிமுகமாகிறார்கள். இதில் தாட் என்ற வரியை எல்லோரும் இலக்கணம் என்று மதிக்கிறோம். நேரம் என்ற வரியைப் படித்தால் பாதிப் பேர் பரவசப்படுகிறார்கள், மீதிப் பேர் பழைய நம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். இந்த மதிப்பீடு தலைகீழாக இருக்கிறது என்பது என் எண்ணம். மேடையில் உட்கார்ந்து ஒரு ராகத்தை விரிக்கப்போகிறவருக்குத் தாட் சொல்வது மிகக் கொஞ்சம். நேரம் சொல்வது நிறைய. ஆனால் அது சூரியனைப் பற்றிய சேதி என்று எடுத்துக்கொண்டால் அதன் உண்மையான பயன் கைநழுவிப் போகும். மார்வா, பூரியா, சோஹினி என்ற மூன்று ராகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மூன்றுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே: ஸட்ஜம், கோமள ரிஷபம், காந்தாரம், தீவிர மத்தியமம், தைவதம், நிஷாதம். பஞ்சமம் கிடையாது. கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னால் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. வடக்கே ‘சுத்த ரிஷபம்’ என்றால் அது நம் சதுஸ்ருதி ரிஷபம். நம் சுத்த ரிஷபத்தை அவர்கள் கோமளம் என்கிறார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தாலேயே இரண்டு முறைகளையும் ஒப்பிடுகிற பல கட்டுரைகள் தடம் புரள்கின்றன. நமக்குப் பழக்கமான ஹம்ஸாநந்தியின் ஸ்வரங்களும் இதே ஆறுதான். அவளை வேறொரு காரணத்துக்காகக் கடைசியில் கூப்பிடுவோம்.

முதலில் தாட். இந்தச் சொல்லை ஏட்டை விட்டு வாத்தியத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். நம் வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்துவிடுகிறோம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம் 24 மெட்டுகள், எல்லா ஸ்வரத்துக்கும் இடம் தயார். சிதாரில் அப்படி இல்லை. சுமார் இருபது மெட்டுகள்தான், தண்டில் நூலால் கட்டப்பட்டிருக்கும், தளர்த்தி நகர்த்தலாம். எல்லா ஸ்தாயியிலும் எல்லா ஸ்வரத்துக்கும் மெட்டு இல்லாததால், கோமள ரிஷபம் வரும் ராகம் வாசிக்க வேண்டுமென்றால் ரிஷப மெட்டை ஒரு அரை ஸ்வர தூரம் கீழே தள்ளி வைக்க வேண்டும். அப்படி மெட்டுகளை வரிசைப்படுத்தி வைத்த நிலைக்குத்தான் தாட் என்று பெயர். மார்வாவுக்கு வைத்த மெட்டுகளோடு அப்படியே பூரியா வாசிக்கலாம், சோஹினியும் வாசிக்கலாம். ஒரு மெட்டைக்கூடத் தொட வேண்டாம். தாட் என்ற சொல்லின் நியாயமான அளவு அவ்வளவுதான்: வாசிப்பதற்கு முன் வாத்தியத்தில் என்னென்ன ஸ்வரம் தயாராக இருக்க வேண்டும் என்ற தகவல்.

இந்தச் சொல்லை ராகங்களை வகுக்கும் முறையாக ஆக்கியவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. 1860இல் பிறந்தவர், தொழிலால் பம்பாய் வழக்கறிஞர். அவர் காலத்தில் வடக்கே ராகங்களை ஆண் ராகம், அதன் மனைவியரான ராகினிகள், பிள்ளைகள் என்று குடும்பமாகப் பிரிக்கும் வழக்கம் இருந்தது. எந்த ராகினி எந்த ராகத்துக்கு மனைவி என்பதற்கு ஸ்வரத்தில் காரணம் கேட்டால் பதில் கிடைக்காது. ஊருக்கு ஊர் பட்டியலும் மாறும். 1904இல் அவர் தெற்கே வந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். தீட்சிதரின் ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ அச்சான ஆண்டும் அதுதான். வேங்கடமகியின் 72 மேளங்கள் பாத்கண்டேயின் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. ஸ்வரத்தை மட்டும் வைத்து, யாரும் சரிபார்க்கக்கூடிய விதத்தில் ராகங்களை அடுக்க முடியும் என்பதற்கு அங்கே கண்முன் ஒரு சாட்சி இருந்தது. ரிஷபம், காந்தாரம், மத்தியமம், தைவதம், நிஷாதம் ஐந்துக்கும் இரண்டிரண்டு வடிவம் என்று கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்தால் 32 வரிசைகள் கிடைக்கும். அதில் வடக்கே உண்மையில் புழங்கிய ராகங்களுக்குப் போதும் என்று தோன்றிய பத்தை மட்டும் வைத்துக்கொண்டார்: பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காபி, ஆஸாவரி, பைரவி, தோடி.

பெரிய வேலை அது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். தாட் என்பது ஏழு ஸ்வரமும் கொண்ட வரிசையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மார்வா தாட்டில் பஞ்சமம் உண்டு. நம் கமனாச்ரமத்துக்கு அது சமம். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்த மார்வா ராகத்தில் பஞ்சமம் அறவே கிடையாது. மார்வா பாடும்போது தவறிப்போய்ப் பஞ்சமம் பட்டால் ராகம் அங்கேயே சிதைந்துவிடும். இன்னும் தெளிவான உதாரணம் பூபாலியும் தேஷ்காரும். இரண்டுக்கும் ஸ, ரி, க, ப, த என்ற அதே ஐந்து ஸ்வரங்கள். நமக்கு மோகனம். மத்தியமமும் நிஷாதமும் இல்லாததால் இந்த ஐந்தை மட்டும் பார்த்து எந்தப் பெட்டி என்று சொல்லவே முடியாது. பாத்கண்டே பூபாலியைக் கல்யாணிலும் தேஷ்காரைப் பிலாவலிலும் வைத்தார். நாம் மோகனத்தை ஹரிகாம்போஜியில் வைத்திருக்கிறோம். ஐந்தே ஸ்வரத்துக்கு மூன்று தாய்வீடு! ஸ்வரத்தைப் பார்த்துப் பெட்டியைத் தீர்மானிக்கிறோம் என்றால் இது நடக்காது. ராகத்தின் நடையை முதலில் கேட்டு, அது எந்தக் குடும்பத்து ஜாடையில் இருக்கிறது என்று காது சொன்ன பிறகுதான் பெட்டியில் போடுகிறார்கள். அதாவது ராகம் தெரிந்தவருக்குத்தான் தாட் தெரியும். தாட் தெரிந்தால் ராகம் வராது.

‘நூலகத்தில் புத்தகம் அடுக்கவும் ஏதாவது ஒரு ஒழுங்கு வேண்டுமே, அதில் என்ன தப்பு’ என்று கேட்கலாம். தப்பே இல்லை. நூற்றுக்கணக்கான பந்திஷ்களை ஸ்வரப்படுத்தி ‘கிரமிக் புஸ்தக் மாலிகா’ என்று ஆறு பாகமாக வெளியிட்டவருக்கு அடுக்கும் முறை இல்லாமல் எப்படி முடியும்? ஆனால் அடுக்கு முறைக்கும் விளக்கத்துக்கும் தூரம் உண்டு. மதுவந்தியைப் பாருங்கள். அதன் ஸ்வரங்கள் நம் தர்மவதியுடையவை. ரிஷபமும் தைவதமும் கோமளமே அல்ல. ஆனாலும் பல புத்தகங்கள் அதைத் தோடி தாட்டில் சேர்க்கின்றன. ஏனென்றால் காந்தாரம் கோமளமாகவும் மத்தியமம் தீவிரமாகவும் இருக்கிற பெட்டி அது ஒன்றுதான். லலித்தை பாத்கண்டே மார்வா தாட்டில் வைத்தார். இன்று பலர் தைவதத்தைக் கோமளமாகப் பாடுவதால் அதைப் பூர்வியில் வைக்க வேண்டும் என்கிறார்கள். பெட்டி மாறியதால் லலித் பாடுகிற ஒருவர் தன் பாட்டில் எதையாவது மாற்றிக்கொண்டாரா? இல்லை. அதனால்தான் பாடுகிறவருக்குத் தாட் சொல்வது கொஞ்சம் என்கிறேன்.

இனி நேரம். இரவும் பகலும் சேர்ந்து எட்டு பிரஹரம், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இந்தப் பிரிவு பழையது. நேரத்துக்கு ராகம் என்ற எண்ணமும் பழையதுதான். நம் தேவாரப் பண்களுக்கே பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று பிரிவு உண்டு. பாத்கண்டே அந்த வழக்கத்துக்குள் ஓர் ஒழுங்கைத் தேடினார். ரிஷபம் கோமளமான ராகங்கள் அந்தியிலும் விடியலிலும், அதாவது இருளும் ஒளியும் சேரும் சந்திப் பொழுதுகளில் வருகின்றன. அதற்கடுத்து ரிஷபமும் தைவதமும் முழுசாக இருக்கும் ராகங்கள். அதற்கும் பிறகு காந்தாரமும் நிஷாதமும் கோமளமானவை. இந்த மூன்று கட்டமும் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. எந்தச் சுற்று என்று சொல்ல மத்தியமம்: தீவிரம் என்றால் மாலைப் பக்கம், சுத்தம் என்றால் காலைப் பக்கம். இதற்கு மேல் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் கண்ணில் எல்லாவற்றிலும் முக்கியமானது. நண்பகல் முதல் நள்ளிரவு வரையிலான ராகங்களில் வாதி ஸ்வரம் ஸ்தாயியின் கீழ்ப் பாதியில் இருக்கும், நள்ளிரவு முதல் நண்பகல் வரையிலானவற்றில் மேல் பாதியில் இருக்கும் என்றார். முன்னதற்குப் பூர்வாங்கம், பின்னதற்கு உத்தராங்கம். வாதி என்றால் பாடுபவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஸ்வரம். ஆக, நேரம் என்ற வரிக்குள்ளே எங்கே நிற்பது என்ற சேதி ஒளிந்திருக்கிறது.

இந்த விதிகளில் ஓட்டைகள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தோடியில் தீவிர மத்தியமம். ஆனால் அது காலை ராகம். ஹிந்தோலும் அப்படியே. சோஹினியே தீவிர மத்தியமத்தோடு விடியலுக்கு முன் வருகிறது. எனவே மத்தியம விதியை ஒரு பொதுவான போக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பூர்வாங்கம், உத்தராங்கம் என்ற பிரிவு அதைவிடக் கெட்டியாக நிற்கிறது. அதைத்தான் நம் மூன்று ராகங்களிலும் சோதித்துப் பார்க்கலாம்.

மார்வா, சூரியன் இறங்கும் நேரத்து ராகம். வாதி கோமள ரிஷபம், ஸம்வாதி தைவதம். தம்புராவில் வழக்கமாகப் பஞ்சமத்துக்குச் சுருதி சேர்க்கும் முதல் தந்தியை இங்கே நிஷாதத்துக்குச் சேர்ப்பார்கள், சிலர் தைவதத்துக்கு. மற்ற மூன்று தந்தியும் ஸட்ஜத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பாடுகிறவரோ அந்த ஸட்ஜத்தில் இறங்கவே மாட்டார். மந்திர ஸ்தாயித் தைவதத்திலிருந்து நிஷாதம் தொட்டு, ஸட்ஜத்தைத் தாண்டி, ரிஷபத்தில் போய் நிற்பார். காந்தாரம் போய் மறுபடியும் ரிஷபம். தம்புரா சொல்லும் ஸ்வரத்துக்கு ஒரு விரல் கடைத் தூரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடாமல் இருப்பது எவ்வளவு தவிப்பு! அந்தத் தவிப்பு போதாதென்று வாதிக்கும் ஸம்வாதிக்கும் உறவும் இயல்பானதாக இல்லை. ஸட்ஜத்துக்குப் பஞ்சமம் போல, அல்லது மத்தியமம் போல, வாதிக்கு ஸம்வாதி அமைய வேண்டும் என்பார்கள். கோமள ரிஷபத்துக்கு அப்படி அமையும் ஸ்வரங்கள் கோமள தைவதமும் தீவிர மத்தியமமும். மார்வாவின் தைவதமோ முழுத் தைவதம். இரண்டு தூண்களும் ஒன்றுக்கொன்று சுருதி சேராமல் நிற்கின்றன. மார்வாவைக் கேட்டால் மனசு நிலைகொள்ளாமல் இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு அந்தி வானம் காரணம் என்று தேடிப்போக வேண்டாம். காரணம் இந்த இரண்டு தூண்களில் இருக்கிறது.

அடுத்து பூரியா. இதுவும் அந்தி ராகம், அஸ்தமனத்தை ஒட்டி இரவின் தொடக்கம் வரை. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் இங்கே வாதி காந்தாரம், ஸம்வாதி நிஷாதம். காந்தாரத்துக்கு நிஷாதம் சரியாகப் பஞ்சம உறவு. தூண்கள் இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன, அதனால் ராகம் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. ரிஷபம் இங்கே தங்குமிடம் இல்லை. நிஷாதத்திலிருந்து ரிஷபம் தொட்டு ஸட்ஜத்துக்கு இறங்கும் வழி. தைவதத்திலும் நிற்பதில்லை, நிஷாதத்திலிருந்து தைவதத்தைத் தாண்டி மத்தியமத்துக்குச் சறுக்கி வருவது பூரியாவின் கையெழுத்து. விரிவாக்கமெல்லாம் மந்திர ஸ்தாயியிலும் மத்திய ஸ்தாயியின் கீழ்ப் பாதியிலும். கற்றுக்கொள்கிறவர்கள் இங்கே வழுக்குவது தைவதத்தில்தான். நிஷாதத்திலிருந்து இறங்கும்போது தைவதத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டால், அடுத்தபடியாகக் குரல் தானாகவே ரிஷபத்தைத் தேடும். கேட்பவர் காதில் மார்வா வந்துவிடும். அந்தக் குழப்பம் வந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு: மூச்சு விடும் இடங்களை மட்டும் கவனியுங்கள். வாக்கியம் முடிவது காந்தாரத்திலும் நிஷாதத்திலுமா, ரிஷபத்திலும் தைவதத்திலுமா?

சோஹினிக்கு வந்தால் பூமியே வேறு. இரவின் கடைசி பிரஹரம், மூன்று மணி முதல் ஆறு மணி வரை. வாதி தைவதம், ஸம்வாதி காந்தாரம். இதுவும் நன்றாகச் சேரும் ஜோடி, மத்தியம உறவு. ஏறும்போது ரிஷபம் விலகிவிடும்: ஸ, க, ம, த, நி, மேல் ஸட்ஜம். மேல் ஸட்ஜத்தில்தான் சோஹினிக்குக் குடியிருப்பு. அங்கே போய் மேல் ரிஷபத்தைத் தொட்டுத் திரும்பி, நிஷாதம் தைவதம் என்று ஒரு படி இறங்கி, காந்தாரம் வரை வந்து பார்த்துவிட்டு, உடனே மறுபடியும் மேலே. மந்திர ஸ்தாயிக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்லலாம். 1960இல் வெளியான ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்தில் தான்சேனுக்காக படே குலாம் அலி கான் குரல் கொடுத்திருப்பார். அதில் அவர் பாடியவற்றில் ஒன்று சோஹினி. அவர் குரல் எந்த உயரத்தில் உலவுகிறது, எத்தனை அபூர்வமாகக் கீழ் ஸட்ஜத்துக்கு வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் நான் இத்தனை வரியில் சொல்வது ஒரு நிமிடத்தில் விளங்கும். இதே சோஹினியை ஒருவர் கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்து, காந்தாரத்தில் நின்று, நிஷாதத்தில் இளைப்பாறி நிதானமாக ஆலாபனை செய்தால் ஒரு தப்பு ஸ்வரம்கூட விழாது. ஆனால் சபையில் உள்ளவர்கள் பூரியா கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாடத்தில் உள்ள ‘நேரம்: இரவின் கடைசி பிரஹரம்’ என்ற வரியை ஒரு குரு சிஷ்யருக்குச் சொல்லும்போது உள்ளே சொல்வது இதைத்தான்: மேலே போய் உட்கார், கீழே தங்காதே. ‘அந்தி’ என்று சொன்னால்: கீழே இருந்து கட்டிக்கொண்டு வா, அவசரப்பட்டு மேல் ஸட்ஜத்தைக் காட்டாதே. பூபாலிக்கும் தேஷ்காருக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பூபாலி முன்னிரவு ராகம், காந்தாரத்தில் நிற்கும், மந்திரத் தைவதத்தை அன்போடு தேடிப் போகும். தேஷ்கார் காலை ராகம், தைவதத்தில் நிற்கும், பஞ்சமத்துக்கு மேலேயே பெரும்பாலும் உலவும், ரிஷபத்தை மெலிதாகத்தான் தொடும். இரட்டைப் பிள்ளைகளைத் தாட் வெவ்வேறு பெட்டியில் போட்டதே தவிர, எப்படிப் பாடுவது என்று பிரித்துக் காட்டவில்லை. நேரம் பிரித்துக் காட்டுகிறது. அதே சமயம் அதன் எல்லையையும் பாருங்கள். மார்வாவும் பூரியாவும் ஒரே பொழுதின் ராகங்கள், இரண்டும் பூர்வாங்கம். அவற்றைப் பிரிக்க நேரம் உதவாது. வாதி தெரிய வேண்டும், அதற்கு மேல் குருவின் வாயிலிருந்து சில ஸஞ்சாரங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது ஹம்ஸாநந்தியைக் கூப்பிடலாம். ‘நேரம் ஸ்வரத்தின் இயற்கையான குணம், அந்தந்தப் பொழுதில் உடம்பும் மனசும் அந்தந்த ஸ்வரத்துக்கு இசைந்து இருக்கும்’ என்று மிகுந்த நம்பிக்கையோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் வைக்கும் சாட்சி அவள். சோஹினிக்குள்ள அதே ஸ்வரங்கள், மேல் ஸ்தாயியில் மின்னும் அதே பிரகாசமும் பல இடங்களில் உண்டு. ஆனால் நம்மிடம் ஹம்ஸாநந்தி மாலை ராகம். ஸ்வரத்திலேயே பொழுது இருந்தால் விந்தியத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் பத்து மணி நேரம் எப்படி நகரும்? இன்னொன்று: ஜூன் மாதத்தில் லண்டனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். அங்கே ஏழு மணிக் கச்சேரியில் பளீரென்ற வெயிலில் மார்வா பாடினால் மார்வா கெட்டுப்போவதில்லை. அமீர் கானின் புகழ்பெற்ற இசைத்தட்டில் ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. ஒன்று அந்தி, மற்றது நள்ளிரவு. தட்டைத் திருப்பிப் போட அரை நிமிடம். அந்த மார்வாவைக் காலை பத்து மணிக்கு வீட்டில் கேட்டவர்களுக்கும் நெஞ்சு கனத்துத்தான் போயிருக்கிறது.

அப்படியானால் இது வெறும் வழக்கம், விட்டுத்தள்ளலாம் என்று மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அதையும் ஏற்க முடியவில்லை. ‘வெறும்’ என்ற சொல்தான் இடிக்கிறது. பல தலைமுறைகளாக ஒரு ராகத்தை ஒரே பொழுதில் கேட்டு வந்த காதுகளுக்கு அந்தப் பொழுது ராகத்தின் பொருளோடு கலந்துவிடுகிறது. நம் ஊர்க் கோயிலில் நாதஸ்வரத்தில் பூபாளம் கேட்டால் வைகறை ஞாபகம் வருகிறது, நீலாம்பரி கேட்டால் பள்ளியறை ஞாபகம் வருகிறது. அந்த ஞாபகம் காற்றின் அதிர்வில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. ஆனால் கச்சேரி நடப்பதும் நமக்கு முன்னால்தானே? பாடுகிறவர் அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். ஹிந்துஸ்தானிக் கச்சேரி பைரவியில் முடிவது இதற்கு நல்ல உதாரணம். பைரவி காலை ராகம். இரவெல்லாம் நடந்த கச்சேரிகள் விடியலில் பைரவியோடு முடிந்த பழக்கத்தால், இன்று இரவு ஒன்பதரை மணிக்கு பைரவி தொடங்கினாலும் சபையில் எல்லோருக்கும் ஒரே சேதிதான்: இதோடு முடிகிறது. காலை என்ற பொருள் தேய்ந்து, நிறைவு என்ற பொருள் நின்றிருக்கிறது.

மேடையில் இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஆறு மணிக்கு மேடை ஏறுகிறவர் மார்வா, பூரியா, ஸ்ரீ, பூரியா தனாஸ்ரீ இவற்றில் ஒன்றை முதலில் எடுப்பார். எட்டு மணி ஆனால் யமன், பூபாலி. பத்தை நெருங்கினால் பாகேஸ்ரீ. அதற்கும் மேல் மால்கோன்ஸ், தர்பாரி. முன்னால் பாடியவர் நேரத்தை இழுத்து, ஆறு மணி எட்டரை ஆகிவிட்டால் மார்வாவை மனத்துக்குள் மடித்து வைத்துவிட வேண்டியதுதான். அதனால் ஒரு பாடகர் ஒவ்வொரு பொழுதுக்கும் முழுசாக விரிக்கக்கூடிய ராகம் ஒன்றுக்கு இரண்டாகக் கையில் வைத்திருக்க வேண்டும். சிதார் கலைஞருக்கு இன்னும் சிரமம்: மெட்டுகளை நகர்த்தி, அடியில் ஓடும் தரப் தந்திகளை எல்லாம் புது ராகத்துக்குச் சுருதி சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு மறைவான பலனும் உண்டு. இரட்டை ராகங்கள் ஒரே கச்சேரியில் அடுத்தடுத்து வராமல் அது காக்கிறது. பூபாலி பாடிய சூட்டோடு தேஷ்கார் பாடினால், பாடுகிறவர் தொண்டையும் கேட்பவர் காதும் முந்தைய ராகத்தின் தங்குமிடங்களையே தேடும். ஒன்று இரவுக்கும் மற்றது காலைக்கும் என்று ஒதுக்கிவிட்டால் நடுவில் ஒரு தூக்கம் இருக்கிறது. மார்வாவும் பூரியாவும் ஒரே பொழுதில் இருப்பதால் அங்கே அந்தக் காவல் இல்லை. ஒரே மாலையில் இரண்டையும் பாடக்கூடாது என்பதைப் பாடகரே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களிலேயே வலுவானது வேறொன்று: இன்று கச்சேரிகள் பெரும்பாலும் மாலை ஆறிலிருந்து பத்துக்குள் நடக்கின்றன, நேரத்தைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டால் பாதி ராகங்கள் மேடையையே காணாது. உண்மைதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. மாநில அரசு வருடத்தில் சில நாட்களுக்கு நள்ளிரவு வரை அனுமதி தரலாம், அவ்வளவுதான். புனேயில் 1953இல் பீம்சேன் ஜோஷி தொடங்கிய ஸவாய் கந்தர்வ விழா, விடிய விடிய நடந்து காலையில் முடிவதற்குப் பெயர் பெற்றது. அந்த வழக்கம் நின்றது. கொல்கத்தாவின் டோவர் லேன் மாநாடு, வாராணசியின் சங்கட்மோசன் கோயில் விழா போன்ற சில இடங்களில்தான் முழு இரவு மிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டு நோயாளியின் தூக்கம் பெரிதா, லலித் பெரிதா என்று கேட்டால் நான் தூக்கத்தின் பக்கம்தான். ஆனால் அதற்கு விலை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலை ராகங்களுக்குக் காலைக் கச்சேரி என்று ஒரு வழி இருக்கிறது. தோடியும் ஆஹிர் பைரவும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிழைத்துக்கொள்கின்றன. விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்கு அப்படி ஒரு கச்சேரி கிடையாது.

இந்த நிலையில் சோஹினியை மாலை எட்டு மணிக்குப் பாடலாமா? பாடலாம் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. மணியைத் தளர்த்துங்கள், நடையைத் தளர்த்த வேண்டாம். எட்டு மணிக்குப் பாடும்போது, கச்சேரியின் முதல் உருப்படிக்கு வேண்டிய கீழ் ஸ்தாயி ஆலாபனையையும் மெதுவான விஸ்தாரத்தையும் சோஹினியின் மேல் ஏற்றுகிற ஆசை வரும். ஏற்றினால் அது பூரியாவாகிவிடும். மேல் ஸட்ஜத்திலேயே பிடித்து, தைவதத்திலும் காந்தாரத்திலும் மட்டும் இறங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் எந்தப் பொழுதிலும் அது சோஹினியாகவே இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அதே மாலையில் பூரியா பாடியிருக்கக்கூடாது.